கெடு தாண்டிய இன்டீரியர் வேலை: கான்ட்ராக்டருக்கு எழுத வேண்டிய கடிதம்

புது வீட்டின் மர வேலை தாமதமாகும்போது வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்கு எழுதும் கடிதம் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். எந்தத் தேதி தவறியது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கொடுத்த பணமும் நடந்த வேலையும் எந்த அளவில் நிற்கின்றன என்று காட்ட வேண்டும். இனி எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பெரும்பாலான கடிதங்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டு மனக்குறையை மட்டும் சொல்லி முடிந்துவிடுகின்றன. “எத்தனை தடவை போன் செய்தாலும் எடுப்பதில்லை” என்ற வரியில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்கு வரும் பதில் “சாரி சார், அடுத்த வாரம் முடிச்சிடலாம்” என்பதாகத்தான் இருக்கும்.

சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு அடுக்குமாடி வீட்டை மாதிரியாக வைத்துப் பார்க்கலாம். கிச்சன், இரண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், பூஜை அலமாரி, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்கான வயரிங் எல்லாம் சேர்த்து வரி உட்பட 9,00,000 ரூபாய்க்கு ஒப்பந்தம். தவணைகள் ஐந்து. கையெழுத்தின்போது 10 சதவீதம், அதாவது 90,000. வரைபடத்தை ஒப்புக்கொண்டதும் 40 சதவீதம், 3,60,000. அலமாரிப் பெட்டிகள், அதாவது தொழிலில் ‘பாக்ஸ்’ அல்லது ‘கார்கஸ்’ என்று சொல்லப்படுபவை, வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் 30 சதவீதம், 2,70,000. கதவுகள், அதாவது ‘ஷட்டர்’, மாட்டி முடித்ததும் 15 சதவீதம், 1,35,000. குறைகள் சரிசெய்து ஒப்படைத்ததும் மீதி 5 சதவீதம், 45,000.

வரைபடத்தை ஒப்புக்கொண்டு இரண்டாம் தவணை கட்டிய நாளிலிருந்து 75 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நாள் 2025 ஜூன் 20. எனவே பெட்டிகள் 45-ஆம் நாளான ஆகஸ்ட் 4-க்கும், ஷட்டர்கள் 65-ஆம் நாளான ஆகஸ்ட் 24-க்கும், ஒப்படைப்பு செப்டம்பர் 3-க்கும் வருகின்றன. ஆவணி முடிவதற்குள் கிரகப்பிரவேசம் வைத்துவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு.

பெட்டிகள் வந்ததோ ஆகஸ்ட் 25-இல். மூன்றாம் தவணையும் அப்போதே கொடுக்கப்பட்டது. ஷட்டர் வரவில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி கான்ட்ராக்டர், “ஃபேக்டரியில் பணம் கட்டினால்தான் ஷட்டர் ரிலீஸ் ஆகும், அந்த 1,35,000-ஐப் போட்டுவிடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டுக்காரர் செப்டம்பர் 24-ஆம் தேதி எழுத உட்காருகிறார்.

எழுதுவதற்கு முன் அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் தன் பக்கத்துத் தாமதத்தைக் கணக்கிடுவது. இந்த வழக்கில் ஜூலை 8-ஆம் தேதி வீட்டுக்காரர் ஒரு வார்ட்ரோபின் லேமினேட் நிறத்தை மாற்றினார். அதற்கு ஆறு நாள் கூடுதலாகும் என்று கான்ட்ராக்டர் அன்றே பதில் போட்டிருந்தார். இதை வீட்டுக்காரர் தாமே கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் எதிர்த்தரப்பின் பதில் அதிலிருந்துதான் தொடங்கும்; ஆறு நாள் மாற்றம் அறுபது நாள் தாமதத்துக்கும் காரணமாகிவிடும். சொல்லிவிட்டால் அதன் எல்லையும் தெளிவாகிறது. நிறம் மாறியது ஷட்டருக்கு மட்டுமே. பெட்டிகளின் பிளைவுட்டுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை, எனவே பெட்டிகள் 21 நாள் பிந்தியதற்கு அது காரணமாக முடியாது. ஒப்படைப்பு நாள் செப்டம்பர் 3-இலிருந்து 9-க்குத் தள்ளப்படுகிறது; கடிதம் எழுதும் நாளில் தாமதம் 15 நாள். 21 என்று சண்டை போடுவதைவிட, மறுக்க முடியாத 15-ஐ எழுதுவது வலுவானது.

அடுத்தது பணக் கணக்கு. கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதுவரை கொடுத்தது 10, 40, 30 என்று 80 சதவீதம், 7,20,000 ரூபாய். கான்ட்ராக்டர் முதலில் கொடுத்த மதிப்பீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை இருக்கும். அதை வைத்து, வீட்டுக்குள் இன்று கண்ணால் பார்க்கக்கூடிய பெட்டிகள், ஃபால்ஸ் சீலிங், வயரிங் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால் 5,10,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2,10,000 ரூபாய் வேலையாக மாறாமல் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது. பாக்கி வேலையின் விலை 3,90,000. வீட்டுக்காரர் கையில் மிஞ்சியிருப்பது 1,80,000. கேட்கிறாரே என்று 1,35,000-ஐயும் கொடுத்துவிட்டால் 3,90,000 ரூபாய் வேலைக்கு எதிரே 45,000 மட்டுமே பிடிமானமாக நிற்கும்.

இந்தத் தொழில் நடக்கும் விதம் தெரிந்தால் இந்தக் கணக்கின் அவசியம் புரியும். சிறு கான்ட்ராக்டர்கள் பலர் சொந்த முதலீடு அதிகமின்றி, ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீட்டுக்குப் பொருள் வாங்கி ஓட்டுகிறார்கள். ஒரே ஆசாரிக் குழுவை நான்கு வீடுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்காரர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆள் போகும். எந்த வீட்டில் இன்னும் பணம் வர வேண்டியிருக்கிறதோ அங்கே ஆளோடு பொருளும் போகும். முழுப்பணமும் வந்துவிட்ட வீடு வரிசையில் கடைசிக்குப் போவது கெட்ட எண்ணத்தால்தான் என்று சொல்ல முடியாது. கையில் காசில்லாதவர் காசு வரும் இடத்தைப் பார்த்து ஓடுகிறார், அவ்வளவுதான். “ஃபேக்டரி ரிலீஸ்” என்ற சொல்லும் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது: ஷட்டருக்கு வாங்கிய பணம் வேறெங்கோ போயிருக்கிறது.

இப்படிச் சந்தேகம் இருந்தாலும் கடிதத்தில் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. தவணை அட்டவணையை அப்படியே எடுத்துக் காட்டினாலே போதும். அந்தப் பகுதி இப்படி அமையலாம்:

“வணக்கம். 2025 ஜூன் 2-ஆம் தேதி நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் தவணை அட்டவணைப்படி முதல் மூன்று தவணைகளாக ரூ. 7,20,000 உரிய நேரத்தில் செலுத்தியிருக்கிறேன். நான்காம் தவணை ரூ. 1,35,000 ‘ஷட்டர்கள் மாட்டி முடித்த பின்’ தர வேண்டியது. செப்டம்பர் 24 நிலவரப்படி ஒரு ஷட்டர்கூட வீட்டுக்கு வரவில்லை. ஆகவே, செப்டம்பர் 10-ஆம் தேதி தாங்கள் கேட்ட தொகை இன்னும் தர வேண்டிய நிலைக்கு வரவில்லை.”

‘தர மாட்டேன்’ என்பதற்கும் ‘தர வேண்டிய நிலைக்கு வரவில்லை’ என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவது, பணம் நிறுத்தப்பட்டதால்தான் வேலை நின்றது என்று கான்ட்ராக்டர் பின்னால் சொல்ல இடம் தரும். இரண்டாவது, ஒப்பந்தத்தை மீறாமல் அதன்படியே நிற்கிறது.

வேலை நகர வேண்டுமே என்று வீட்டுக்காரர் சற்று விட்டுக்கொடுக்க நினைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 34 ஷட்டர்களும் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்த அன்று 75,000, மாட்டி முடித்ததும் மீதி 60,000 என்று நான்காம் தவணையைப் பிரிக்கலாம். பணம் பட்டறையை நோக்கிப் போகாமல், பொருள் வீட்டை நோக்கி வருகிறது. இந்தச் சலுகை இந்தத் தவணைக்கு மட்டும், ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்று ஒரு வரி சேர்ப்பது அவசியம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் பலரும் கவனிக்காத ஒரு கூறு இங்கே குறுக்கிடுகிறது. அதன் 55-ஆம் பிரிவு, குறித்த காலத்தில் வேலை முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. காலக்கெடு ஒப்பந்தத்தின் அடிப்படை அம்சமாக இருந்து அது தவறினால், மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ரத்து செய்யாமல் தாமதமான வேலையையே அவர் ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அப்படி ஏற்கும் நேரத்திலேயே, ‘தாமதத்தால் வந்த நஷ்டத்தைக் கேட்பேன்’ என்று அறிவிக்காவிட்டால், பிறகு அந்த நஷ்டத்தைக் கேட்க முடியாது. “ஓகே சார், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்று அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, பின்னாளில், வீட்டுக்காரர் தாமதத்தை மனமொப்பி ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படலாம்.

வீட்டு உள்வேலையில் காலக்கெடு அடிப்படை அம்சமா இல்லையா என்பது ஒப்பந்தத்தின் சொற்களையும் நடந்துகொண்ட விதத்தையும் பொறுத்தது. கால நீட்டிப்புக்கும் அபராதத்துக்கும் ஒப்பந்தத்திலேயே இடமிருந்தால், அடிப்படை அம்சம் இல்லை என்ற பக்கமே வாதம் சாயும். அப்போது ரத்து செய்யும் உரிமை இல்லாவிட்டாலும் நஷ்டம் கேட்கும் உரிமை இருக்கிறது. வீட்டுக்காரர் இந்தச் சட்ட விவாதத்துக்குள் போக வேண்டாம். இரண்டு நிலைக்கும் பொருந்தும்படி ஒரு பத்தி எழுதினால் போதும்:

“கீழே கேட்டிருக்கும் புதிய தேதிகள் மீதி வேலையை முடிப்பதற்காக மட்டுமே. தாமதத்துக்கு ஒப்பந்தத்தில் குறித்துள்ள நாளொன்றுக்கு ரூ. 700 என்ற தொகையைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. செப்டம்பர் 9-க்குப் பிந்தைய நாட்களுக்கு அதைக் கடைசித் தவணையில் கணக்கிடக் கோருகிறேன்.”

நாளுக்கு 700 ரூபாய், உச்சவரம்பு மொத்த மதிப்பில் 5 சதவீதம் என்பது இந்த மாதிரி ஒப்பந்தத்தில் உள்ளது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை ஓர் உச்ச அளவே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எனவே எழுதிய தொகை நிஜ நஷ்டத்துக்கு அருகில் இருப்பது நல்லது. வீட்டுக்காரர் வாடகை வீட்டில் மாதம் 18,000 கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அது நாளுக்கு 600. சற்றே கூட்டி 700 என்பது பொருந்துகிறது. நாளுக்கு 5,000 என்று எழுதிய ஒப்பந்தம் பார்க்கப் பயமுறுத்துமே தவிர, அந்தத் தொகை கைக்கு வருவது கடினம். வாடகை ரசீதுகளைக் கடிதத்தோடு இணைத்துவிட வேண்டும். கிரகப்பிரவேசம் தள்ளிப்போனதன் மனவருத்தத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதிப் பயனில்லை.

இனிக் கடிதத்தின் கடைசிப் பகுதி, புதிய கால அட்டவணை. ‘விரைவில் ஒரு தேதி சொல்லுங்கள்’ என்று கேட்டால் ஒரே ஒரு தேதி வரும், அதுவும் தவறும். தவறிவிட்டது என்று தெரிவது அந்த நாள் வந்த பிறகுதான். ஆகவே நடுவே நின்று பார்க்கக்கூடிய படிகளாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு படியும் கண்ணால் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘ஷட்டர் வேலை நடக்கிறது’ என்பது சரிபார்க்க முடியாதது. ‘லேமினேட் தாள்கள் அனைத்தும் பட்டறைக்கு வந்துவிட்டன’ என்பது போய்ப் பார்க்கக் கூடியது.

நாள்காட்டியையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2025-இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, விஜயதசமி 2. பட்டறைகள் அந்த இரண்டு நாளும் ஓடாது. தீபாவளி அக்டோபர் 20. சென்னையில் மர வேலை செய்பவர்களில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். தீபாவளிக்குச் சில நாள் முன்பே ரயில் ஏறினால் திரும்ப இரண்டு வாரமாவது ஆகும். அக்டோபர் 18 என்று ஒரு தேதி வாங்கினால் அது நடைமுறையில் நவம்பர் என்று பொருள். எனவே இந்த வீட்டுக்கான அட்டவணை இப்படி அமைகிறது: லேமினேட்டும் கீல்களும் முழுமையாகப் பட்டறையில் இருப்பதை செப்டம்பர் 29-க்குள் காட்ட வேண்டும். 34 ஷட்டர்களும் அக்டோபர் 7-க்குள் தயாராக வேண்டும். அன்று வீட்டுக்காரர் நேரில் வந்து பார்ப்பார். 8-ஆம் தேதி வீட்டுக்கு வர வேண்டும். 13-க்குள் மாட்டி முடிக்க வேண்டும். 16-ஆம் தேதி குறைகள் தீர்த்து ஒப்படைக்க வேண்டும். ஆசாரிகள் ஊருக்குப் போகும் தேதியையும் பதிலில் எழுதும்படி கேட்கலாம். விசித்திரமான கேள்வியாகத் தோன்றினாலும் மொத்த அட்டவணையும் அதில்தான் தொங்குகிறது.

அவசரப்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஷட்டருக்கு லேமினேட்டைப் பசை தடவி ஒட்டியதும் அது அழுத்தத்தின் கீழ் சில மணி நேரமாவது இருக்க வேண்டும். முன்பக்கம் அலங்கார லேமினேட் ஒட்டினால் பின்பக்கமும் ஒரு மெல்லிய தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஏழடி வார்ட்ரோப் கதவு சில வாரங்களில் வில்லாக வளைய வாய்ப்புண்டு. நெருக்கடியில் வெட்டப்படுவது இந்த இரண்டும்தான். அக்டோபர் 7-ஆம் தேதி பட்டறைக்குப் போகும்போது ஷட்டரைத் திருப்பிப் பார்ப்பது, விளிம்புப் பட்டை நகத்துக்குப் பிடிபடுகிறதா என்று தடவிப் பார்ப்பது, விரலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வருகிறதா என்று கேட்பது ஆகியவை அவசியம். ஐந்து நாளில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லி வாங்கும் அட்டவணை, தாமதத்தைக் குறைகளாக மாற்றித் தரும், அவ்வளவே.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவையும் இதே அட்டவணையில் தேதியோடு வர வேண்டும். கேஸ் அடுப்பும் சிம்னியும் இன்னும் வாங்கவில்லை என்றால் அவற்றுக்கான துளையை அளவெடுத்து வெட்ட முடியாது. கான்ட்ராக்டருக்கு நியாயமான சாக்கு கிடைத்துவிடும். ‘அக்டோபர் 6-க்குள் இரண்டும் வீட்டில் இருக்கும்’ என்று எழுதி, அப்படியே செய்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துளையிடும் சத்தத்துக்குக் குடியிருப்போர் சங்கம் தடை போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதே பிரதியை வாட்ஸ்அப்பிலும் போட்டு, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புவது வழக்கம். தபால் சேர்ந்ததற்கான டிராக்கிங் விவரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு மூன்று நாள், அதாவது செப்டம்பர் 27 மாலை வரை போதுமானது. பதினைந்து நாள் கொடுத்தால் அட்டவணையில் பாதி அதிலேயே கரைந்துவிடும்.

பதில் வராவிட்டால் புதிய தேதிகளை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன் என்று சிலர் எழுதுவதுண்டு. பொதுவாகச் சட்டம் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதில்லை. அந்த வரி பயன் தராது. அதற்குப் பதில், ‘மேற்கண்ட தேதிகளுக்குச் சம்மதம் என்று ஒரு வரியில் பதில் அனுப்புங்கள், மாற்றம் வேண்டுமானால் எந்தப் படிக்கு எந்தத் தேதி என்று குறிப்பிடுங்கள்’ என்று கேட்பது மேல். பதில் எழுதும் சிரமமே பல நேரம் பதில் வராததற்குக் காரணம். “தீபாவளிக்கு முன்னாடி கண்டிப்பா முடிச்சிடலாம் சார்” என்று வந்தால் அது அட்டவணை அல்ல. நன்றி சொல்லி, முதல் படியின் தேதியை மட்டும் திரும்பக் கேட்க வேண்டும். செப்டம்பர் 29-ஆம் தேதி பட்டறையில் லேமினேட் இல்லை என்றால் அக்டோபர் 16 நடக்காது என்று அன்றே தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கும் மேல் முன்பே தெரிவதுதான் படிகளாகக் கேட்டதன் பயன்.

நுகர்வோர் ஆணையத்தை முதல் கடிதத்திலேயே இழுப்பது பெரும்பாலும் அவசரம். வேலை முடியாமல் ஆட்கள் வீட்டுக்குள் இருக்கும்போது உறவு முறிந்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கே. முதல் படியும் தவறி, பதிலும் வராத நிலையில்தான் இரண்டாவது கடிதம் அறிவிப்பாக மாறுகிறது. அதற்குள் வீட்டின் நிலையை நீள அகலத்தோடு புகைப்படம் எடுத்து, மீதி வேலைக்கு வேறு ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி வைக்க வேண்டும். மீதி வேலைக்கு ஒப்பந்தப்படி உள்ளதைவிடக் கூடுதலாகும் செலவைக் கேட்பதற்கு அதுவே அடிப்படை.

அப்படியும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருக்கும் புகார்கள் மாவட்ட ஆணையத்துக்குப் போகும். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். கான்ட்ராக்டரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அதற்கு முன் பேசிப் பார்க்கலாம். இவற்றில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தம், பணம் செலுத்திய சான்று, தாமதத்தை எப்போது எழுத்தில் தெரிவித்தார் என்பது.

மாதிரி வழக்கில் கான்ட்ராக்டர் அக்டோபர் 16-ஆம் தேதி ஒப்படைத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி முடிகிறது. செப்டம்பர் 9-இலிருந்து 37 நாள். நாளுக்கு 700 வீதம் 25,900 ரூபாய். கடைசித் தவணை 45,000-இல் அதைக் கழித்தால் கொடுக்க வேண்டியது 19,100. புதிய தேதிகளைச் சொன்னபடி காப்பாற்றியவருக்குப் பாதியை விட்டுக்கொடுத்து 32,050 கொடுக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. கிச்சன் கீல் ஆறு மாதத்தில் தளரும்போது கூப்பிட்டால் ஆள் வரும் என்பது அவர்கள் கணக்கு.